ஓய்வுக்கால நிதி: எத்தனை மடங்கு போதும்?
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓய்வு பெறப்போகும் ஒருவர், மாதாமாதம் சம்பளம் நின்ற பிறகு தம் குடும்பம் கடைசிவரை நடக்க எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார். செலவு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். பணம் ஈட்டித் தரும் வருவாய் ஓராண்டு இருப்பதுபோல் மறு ஆண்டு இருக்காது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம்பத்தக்க ஒரு தொகையைச் சொல்ல முடியுமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முடியும் என்பது என் கருத்து. ஆனால் ஒற்றை எண்ணாகச் சொன்னால் அது பிழையாகத்தான் இருக்கும். ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு விதி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் விடை. ஒரே குடும்பத்தின் கணக்கைத் தொடக்கம் முதல் இறுதி வரை போட்டு இதைக் காட்ட முயல்கிறேன்.

1. வட்டிக் கணக்கு

கணவருக்கு 60 வயது, மனைவிக்கு 58. கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார். சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் தனியாக வாழ்கிறார்கள். மாதச் செலவு 50,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 6 லட்சம். இது நான் கணக்குக்காக அமைத்துக்கொண்ட குடும்பம். உங்கள் செலவு இதில் பாதியாக இருந்தால், இனி வரும் தொகைகளையும் பாதியாக்கிக்கொள்ளலாம்.

பெரும்பாலோர் போடும் கணக்கு இதுதான்: ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி கிடைத்தால், 75 லட்சத்துக்கு 6 லட்சம் வட்டி வரும். செலவும் 6 லட்சம். வட்டியில் வாழ்ந்துகொள்ளலாம், முதலைத் தொட வேண்டியதில்லை.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்து இதைச் சோதிப்போம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் அந்த ஆண்டுச் செலவை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆண்டு 6 லட்சம் எடுத்தபின் மிஞ்சும் 69 லட்சம், வட்டியோடு ஆண்டிறுதியில் 74.5 லட்சம் ஆகிறது. இரண்டாம் ஆண்டுச் செலவு 6.36 லட்சம். ஆண்டு முடிவில் இருப்பு 73.6 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் 72.2 லட்சம். மூன்று ஆண்டில் குறைந்தது மூன்று லட்சத்துக்கும் கீழே. வங்கிப் புத்தகத்தைப் பார்க்கும் யாருக்கும் இதில் கவலை தோன்றாது. ஆனால் இதே வேகத்தில் செலவு கூடிக்கொண்டே போனால் பதினான்கு ஆண்டில் பணம் முழுவதும் தீர்ந்துவிடும். அப்போது கணவருக்கு 74, மனைவிக்கு 72.

இந்தப் பிழையின் ஆபத்து, அது தாமதமாகத் தெரிவதுதான். முதல் ஐந்தாறு ஆண்டுகள் எல்லாம் சரியாக நடப்பது போலிருக்கும். தெரியவரும்போது மீண்டும் வேலைக்குப் போகும் வயது கடந்திருக்கும்.

2. இன்றைய விலையில் கணக்கிடுதல்

சரியான கணக்கின் முதல் படி, எல்லாவற்றையும் இன்றைய விலையிலேயே வைத்துக்கொள்வது. இருபது ஆண்டு கழித்து அரிசி என்ன விலை விற்கும் என்று யூகிக்க வேண்டியதில்லை. செலவு என்றும் 6 லட்சம்தான் என்று வைத்துக்கொண்டு, வருவாயிலிருந்து விலையேற்றத்தைக் கழித்துவிடலாம். கழிப்பதற்கான முறை இது:

மெய் வருவாய் = (1 + வருவாய்) ÷ (1 + விலையேற்றம்) − 1

8 சதவீத வருவாயும் 6 சதவீத விலையேற்றமும் இருந்தால், 1.08 ÷ 1.06 − 1, அதாவது ஆண்டுக்கு 1.89 சதவீதம். வட்டி 8 என்று கேட்ட காதுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பணம் உண்மையில் வளர்வது இந்த 1.89இல்தான்.

அடுத்து ஆண்டுகள். இந்தத் தம்பதிக்கு 30 ஆண்டு என்று வைப்போம். மனைவிக்கு 88 வயது வரை அது போதும். சராசரி ஆயுளை எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இந்தியாவில் 60 வயதை எட்டியவர் அதன்பின் சராசரியாகச் சுமார் 18 ஆண்டுகள் வாழ்கிறார். சராசரி அது என்றால், ஏறத்தாழ பாதிப்பேர் அதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். மேலும் கணவன், மனைவி இருவரில் யார் அதிக நாள் வாழ்கிறாரோ அவர் வரைக்கும் பணம் வர வேண்டும்.

ஆண்டுக்கு 1.89 சதவீத மெய் வருவாயில், 30 ஆண்டுகள் ஆண்டுச் செலவை எடுக்க வேண்டுமானால், தொடக்கத்தில் ஆண்டுச் செலவைப் போல் 23.2 மடங்கு இருக்க வேண்டும். 6 லட்சத்தின் 23.2 மடங்கு 1.39 கோடி. வட்டிக் கணக்கு காட்டிய 75 லட்சத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த மடங்கு, வருவாய்க்கும் விலையேற்றத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று பாருங்கள். விலையேற்றம் 6ஆகவே இருக்க, வருவாய் 9 என்றால் 1.24 கோடி போதும். 8 என்றால் 1.39 கோடி. 7 என்றால் 1.58 கோடி. வருவாயும் விலையேற்றமும் சமம் என்றால் 1.80 கோடி. வருவாய் விலையேற்றத்தைவிட ஒரு சதவீதம் குறைந்தால் 2.07 கோடி.

இதில் ஓர் எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். வருவாய் விலையேற்றத்துக்குச் சமமாக இருந்தால், 30 ஆண்டுக்கு 30 மடங்கு, 25 ஆண்டுக்கு 25 மடங்கு. கணிப்பொறி வேண்டாம், சூத்திரம் வேண்டாம். எத்தனை ஆண்டோ அத்தனை மடங்கு. இந்த எளிய எண் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் மீண்டும் வரப்போகிறது.

இளைஞர்களுக்காக ஒரு சொல். இப்போது 45 வயதுள்ள ஒருவருக்கு இன்று மாதம் 50,000 செலவு என்றால், 15 ஆண்டு கழித்து, 6 சதவீத விலையேற்றத்தில் அதே வாழ்க்கைக்கு மாதம் ஏறத்தாழ 1.20 லட்சம் ஆகும். 1.80 கோடி என்பதும் அப்போதைய ரூபாயில் 4.3 கோடி ஆகிவிடும். இன்றைய விலையில் பேசிய எண்ணையும் வருங்கால ரூபாயில் பேசிய எண்ணையும் ஒரே தாளில் கலந்துவிட்டால், ஒன்று பீதி வரும், அல்லது பொய்யான நிம்மதி வரும். எந்த விலையில் பேசுகிறோம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

3. யாருடைய விலைவாசி?

6 சதவீதம் என்று சொன்னேன். அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு ஒரு முழுச் சமூகத்தின் சராசரிக் கூடை. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சுமார் 46 சதவீத எடை தரப்பட்டது. மருத்துவத்துக்குத் தரப்பட்டது சுமார் 6 சதவீதம்தான். முதிய தம்பதியின் கூடை அப்படி இருப்பதில்லை.

நம் தம்பதியின் 50,000இல், 8,000 மருந்துக்கும் பரிசோதனைக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் போகிறது என்று வைப்போம். மீதி 42,000 ஆண்டுக்கு 6 சதவீதமும், மருத்துவச் செலவு 10 சதவீதமும் ஏறட்டும். இருபது ஆண்டு கழித்து 42,000 என்பது 1.35 லட்சம் ஆகும். 8,000 என்பது 54,000ஐ நெருங்கும். மொத்தம் 1.89 லட்சம். எல்லாமே 6 சதவீதம் ஏறியிருந்தால் 1.60 லட்சம்தான் ஆகியிருக்கும்.

அதாவது இந்தக் குடும்பத்தின் சொந்த விலையேற்றம் 6 அல்ல, ஏறக்குறைய 7. வருவாய் 8 சதவீதமாகவே இருந்தாலும் தேவை 1.39 கோடியிலிருந்து 1.58 கோடிக்குப் போய்விடுகிறது. வருவாய் ஒரு சதவீதம் குறைந்தபோது வந்த அதே 1.58 கோடி. இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது எந்தப் பக்கத்திலிருந்து சுருங்கினாலும் விளைவு ஒன்றே.

ஆகவே ஓய்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு முன்பே வீட்டுச் செலவை எழுதத் தொடங்குங்கள். மாதச் செலவு மட்டும் போதாது. ஆண்டுக்கொருமுறை வரும் சொத்து வரி, காப்பீடு, சில ஆண்டுக்கொருமுறை வரும் வீட்டு வெள்ளையடிப்பு, தண்ணீர் மோட்டார், பற்சிகிச்சை, பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் சீர் ஆகியவற்றை ஆண்டுகளாகப் பிரித்து உள்ளே சேர்க்க வேண்டும். நான் பார்த்தவரை, முதல்முறை எழுதும்போது விடுபடுபவை இவைதான். இவை சேர்ந்ததும் மாதச் செலவு கணிசமாக உயர்ந்துவிடும். மருத்துவத்தைத் தனி வரியில் எழுதி, அதற்கு மட்டும் வேறு விலையேற்ற விகிதம் போடுங்கள்.

4. சராசரி மறைப்பது

இதுவரை வருவாய் ஆண்டுதோறும் ஒரே சீராக வரும் என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அப்படி வராது. சராசரியாக 8 வந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பேச்சின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் தம்பதியிடம் 1.39 கோடி இருக்கிறது. இன்றைய விலையில் ஆண்டுக்கு 6 லட்சம் எடுக்கிறார்கள். 30 ஆண்டுகளை மூன்று பத்தாண்டுகளாகப் பிரிப்போம். ஒரு பத்தாண்டில் மெய் வருவாய் ஆண்டுக்கு −2 சதவீதம். இன்னொன்றில் +2. மற்றொன்றில் +5.8. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி நாம் முன்பு எடுத்துக்கொண்ட அதே 1.89தான்.

முதலில் நல்ல காலம் வருகிறது என்று வைப்போம். முதல் பத்தாண்டு 5.8, அடுத்தது 2, கடைசியில் −2. பத்து ஆண்டு முடிவில் இருப்பு 1.61 கோடி, செலவெல்லாம் போக வளர்ந்திருக்கிறது. இருபது ஆண்டு முடிவில் 1.30 கோடி. முப்பது ஆண்டும் கழிந்தபின் இன்றைய மதிப்பில் 52 லட்சம் மிச்சம்.

இப்போது வரிசையை மட்டும் திருப்புவோம். முதல் பத்தாண்டு −2, பிறகு 2, பிறகு 5.8. பத்தாம் ஆண்டு முடிவில் இருப்பு 60 லட்சத்துக்கும் சற்றுக் கீழே. இருபதாம் ஆண்டு முடிவில் 5.9 லட்சம். அடுத்த ஆண்டுச் செலவுக்கே அது போதாது. மனைவிக்கு 79 நிறைவதற்கு முன் பணம் தீர்ந்துவிடுகிறது. 5.8 சதவீத நல்ல பத்தாண்டு அதன் பிறகுதான் வருகிறது, ஆனால் வளர்வதற்கு முதல் இல்லை.

சராசரி ஒன்று, செலவு ஒன்று, தொடக்கத் தொகையும் ஒன்று. ஒரு குடும்பம் 52 லட்சம் விட்டுச் செல்கிறது, இன்னொரு குடும்பம் கடைசி ஒன்பது ஆண்டுக்குப் பிள்ளைகளிடம் கையேந்துகிறது. வேறுபாடு வரிசையில் மட்டும். பணம் சேர்க்கும் காலத்தில், கையில் ஒரே தொகையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு, வரிசை ஒரு பொருட்டல்ல. எந்த ஆண்டு எது வந்தாலும் முடிவில் அதே தொகைதான். எடுத்துச் செலவழிக்கும் காலத்தில் அப்படியல்ல. விலை இறங்கியிருக்கும்போது செலவுக்காக விற்ற பங்கு, சந்தை மீளும்போது நம்மிடம் இருப்பதில்லை.

2008ஐ நினைத்துப் பாருங்கள். 2007 டிசம்பர் முடிவில் சென்செக்ஸ் 20,000க்கு மேல் இருந்தது. 2008 டிசம்பரில் 10,000க்கும் கீழே. 2009இல் பெருமளவு மீண்டது என்பது உண்மை. ஆனால் 2008 தொடக்கத்தில் ஓய்வு பெற்று, மாதச் செலவுக்காகப் பரஸ்பர நிதியின் யூனிட்டுகளை விற்றுக்கொண்டிருந்தவருக்கு அந்த மீட்சி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதே வேளையில் 2009–10இல் தொழிலாளர் விலைக் குறியீடு 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சந்தை வீழ்ச்சியும் விலைவாசியும் ஓய்வின் முதல் மூன்று ஆண்டிலேயே சேர்ந்து வந்தன.

அப்படியானால் மோசமான வரிசையிலும் 30 ஆண்டு தாங்க எவ்வளவு வேண்டும்? கணக்குப் போட்டால் 1.80 கோடி வருகிறது. ஆண்டுச் செலவின் 30 மடங்கு. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன அதே எண். இது ஒரு விதியல்ல, நான் எடுத்துக்கொண்ட எண்களில் இப்படி அமைகிறது. ஆனால் இதன் பொருள் பயனுள்ளது. சராசரியாக 2 சதவீதம் மெய் வருவாய் கிடைக்கும் என்று நம்பினாலும், மோசமான தொடக்கம் வந்தால், மெய் வருவாயே கிடைக்காததுபோல்தான் ஆகிறது. ஆகவே எத்தனை ஆண்டோ அத்தனை மடங்கு என்பதை மேலெல்லையாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

5. சராசரியே தெரியுமா?

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சராசரி 8 என்றோ 10 என்றோ சொல்கிறோமே, அது நமக்கு எப்படித் தெரியும்?

சென்செக்ஸின் அடிப்படை 1978–79. கையிலிருப்பது சுமார் 45 ஆண்டு வரலாறு. 30 ஆண்டு ஓய்வுக்காலம் என்று பார்த்தால், ஒன்றோடொன்று சேராத காலங்கள் அதில் ஒன்றரைதான். பங்குச் சந்தை ஆண்டு வருவாயின் அலைவு சராசரியிலிருந்து 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 45 ஆண்டு சராசரியிலேயே 3 முதல் 4 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. ஒரு சதவீத மாற்றமே நம் தம்பதிக்கு 15 முதல் 30 லட்சம் வரை வித்தியாசம் செய்ததை மேலே பார்த்தோம். மூன்று, நான்கு சதவீதம் தெரியாத ஒன்றை வைத்து ரூபாய், காசு வரை துல்லியமாகச் சொல்லும் எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம். கணிப்பொறியில் ஆயிரம் வழிகளில் ஓட்டிப் பார்த்து, 90 சதவீதம் வெற்றி என்று ஒரு விடை வரும். அந்த ஆயிரம் வழிகளும் நாம் உள்ளிட்ட அதே ஒரு சராசரியிலிருந்து பிறந்தவை. சராசரி பிழையென்றால் ஆயிரமும் பிழை.

வங்கி வைப்பும் உறுதியான தரையல்ல. 1990களின் நடுவில் 12 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த வங்கிகள் 2020–21இல் நீண்ட கால வைப்புக்கு ஐந்தரை சதவீத அளவில் கொடுத்தன. அந்த ஆண்டு விலையேற்றம் 6 சதவீதத்தைத் தாண்டியது. வரி கட்டும் முன்பே மெய் வருவாய் பூஜ்யத்துக்குக் கீழே. எனவே நான் போட்ட 8 சதவீதம் வைப்பில் மட்டும் கிடைப்பதல்ல. ஒரு பகுதியைப் பங்குகளில் வைத்து, வரி போக எதிர்பார்க்கும் கலப்பு வருவாய் அது.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். 1926 முதலான அமெரிக்கச் சந்தை வரலாற்றை எடுத்து, எந்த ஆண்டு ஓய்வு பெற்றவரும் 30 ஆண்டு தாங்கும் அளவு எது என்று தேடினார். முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது அவர் கண்டது. 4 சதவீதம் என்றால் 25 மடங்கு. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்கள். 1970களின் சந்தை வீழ்ச்சியும் விலையேற்றமும் அவர்களை ஓய்வின் தொடக்கத்திலேயே பிடித்தன. வரிசையின் பாடம் அங்கேயும் அதேதான்.

இந்த 25 மடங்கு இப்போது நம் ஊரிலும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அது இருபதாம் நூற்றாண்டின் மிக வெற்றிகரமான சந்தைகளுள் ஒன்றிலிருந்து பிறந்த எண் என்பதை மறக்கக் கூடாது. வேட் பாவ் என்ற ஆய்வாளர் 2010இல் பதினேழு வளர்ந்த நாடுகளின் வரலாற்றோடு இதைச் சோதித்தபோது, பெரும்பாலான நாடுகளில் 4 சதவீதம் தாங்கவில்லை. ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் போரும் பணவீக்கமும் சேர்ந்து, தாங்கக்கூடிய அளவு 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இந்தியாவின் எதிர்காலம் எந்த நாட்டைப் போலிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

6. ஓய்வூதியம் உள்ளவர்கள்

விலைவாசியோடு ஏறும் ஓய்வூதியத்துக்கும் ஏறாத ஓய்வூதியத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். 2004க்கு முன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியத்தோடு அகவிலைப்படி ஆண்டுக்கு இரு முறை மாற்றியமைக்கப்படுகிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் வரும் ஓய்வூதியத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ஆண்டுத்தொகைத் திட்டங்களிலும் பெரும்பாலும் இல்லை.

மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் 30 ஆண்டுக்கு வருகிறது என்று வைப்போம். அது விலைவாசியோடு ஏறினால், நம் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு 13.9 லட்சம். ஏறாமல் அதே 5,000ஆகவே நின்றால் 7.3 லட்சம் மட்டுமே. தேவைப்படும் தொகையிலிருந்து முதலாவதைக் கழிப்பதுபோல் இரண்டாவதையும் கழித்துவிட்டால், கணக்கில் ஆறரை லட்சம் ஓட்டை விழும். ஏறாத ஓய்வூதியத்தை மாதச் செலவிலிருந்து நேரடியாகக் கழிக்காதீர்கள். அதன் இன்றைய மதிப்பை மட்டும் கழியுங்கள்.

ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரில் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு பிணைத்த சேமிப்புப் பத்திரத்தைப் பொதுமக்களுக்காக வெளியிட்டது. வரவேற்பு போதவில்லை, அது தொடரவில்லை. விலைவாசிக்கு முழு உத்தரவாதம் தரும் அத்தகைய கருவி மீண்டும் எளிய மக்கள் கைக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஓய்வூதியம் இல்லாத கோடிக்கணக்கானோர் சுமக்கும் விலைவாசிப் பொறுப்பில் ஒரு பங்கை அரசு ஏற்பதற்கு அதுவே நேரான வழி.

7. நடுவில் நின்றால்

1.39 கோடி கீழெல்லை, 1.80 கோடி மேலெல்லை. நம் தம்பதியிடம் 1.64 கோடி இருக்கிறது என்று வைப்போம். மோசமான வரிசை வந்தால் இது போதாது. நல்ல வரிசை வந்தால் மிஞ்சும். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் எது வந்துகொண்டிருக்கிறது என்பதை மூன்று, நான்கு ஆண்டில் கண்டுகொள்ளலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் ஒரே ஒரு வகுத்தல் போதும். அந்த ஆண்டுச் செலவைக் கையிருப்பால் வகுங்கள். தொடக்கத்தில் 6 லட்சத்தை 1.64 கோடியால் வகுத்தால் 3.66 சதவீதம். மோசமான தொடக்கம் வந்து மெய் வருவாய் −2 ஆகவே நீடித்தால், மூன்று ஆண்டு கழித்து இருப்பு இன்றைய விலையில் 1.37 கோடி. விகிதம் 4.38. அதாவது தொடக்க விகிதத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது.

ஜொனதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இருவர் 2006இல் முன்வைத்த விதி இதற்குப் பொருந்தும். எடுக்கும் விகிதம் தொடக்க அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தால், செலவில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். நம் தம்பதி நான்காம் ஆண்டு முதல் மாதச் செலவை, இன்றைய விலையில், 50,000இலிருந்து 45,000 ஆக்கிக்கொண்டால், அதே மோசமான வரிசையிலும் 1.64 கோடி 30 ஆண்டு தாங்குகிறது. குறைக்காவிட்டால் 1.80 கோடி தேவைப்பட்டிருக்கும். 5,000 ரூபாயைக் குறைக்கத் தயாராக இருப்பதன் மதிப்பு 16 லட்சம் ரூபாய்.

இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, குறைக்கக்கூடிய செலவு உண்மையிலேயே இருக்க வேண்டும். அரிசி, மருந்து, மின்கட்டணம் தவிர வேறேதும் இல்லாத குடும்பத்திடம் பத்தில் ஒரு பங்கைக் குறை என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு மேலெல்லைதான் சரியான எல்லை. ஆகவே செலவுத் தாளைத் தொடக்கத்திலேயே இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒத்திப்போடக்கூடிய செலவுகளைத் தனியே எழுதுங்கள்.

இரண்டு, சந்தை இறங்கிய ஆண்டில் விற்காமல் இருக்க வழி இருக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுச் செலவு, அதாவது 30 லட்சம், சந்தையோடு தொடர்பில்லாத இடத்தில் இருந்தால் இது கைகூடும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023இலிருந்து ஒருவருக்கு 30 லட்சம்தான். ஐந்தாண்டுத் திட்டம், போடும்போதுள்ள வட்டி ஐந்தாண்டும் மாறாது, காலாண்டுக்கொருமுறை வட்டி வரும். முதலை நடுவில் எடுத்தால் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்படும் என்பதால், இரண்டு ஆண்டுச் செலவைச் சாதாரண வைப்பில் தனியே வைப்பது நல்லது. சந்தை நன்றாக இருக்கும் ஆண்டுகளில் பங்குப் பகுதியிலிருந்து எடுத்து இந்த இருப்பை நிரப்ப வேண்டும். இறங்கிய ஆண்டுகளில் இதிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

8. முடிவாக

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுச் செலவை, விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இன்றைய விலையில் எழுதுங்கள். இருவரில் இளையவருக்கு 88 அல்லது 90 வயது வரை எத்தனை ஆண்டு என்று எண்ணுங்கள். எத்தனை ஆண்டோ அத்தனை மடங்கு மேலெல்லை. 30 ஆண்டுக்கு 23 மடங்கு கீழெல்லை. அதற்குக் கீழே இருப்பவர் ஓய்வைச் சில ஆண்டு தள்ளிப்போடலாம், அல்லது செலவை இப்போதே குறைக்கலாம். ஓராண்டு கூடுதலாக வேலை செய்தால் இரண்டு நன்மை: சேமிப்பு கூடுகிறது, பணம் தாங்க வேண்டிய காலம் ஓராண்டு குறைகிறது. நடுவில் இருப்பவர் ஆண்டுதோறும் அந்த ஒரு வகுத்தலைச் செய்து, விகிதம் உயரும்போது செலவைக் குறைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்? முதல் பத்து ஆண்டில் யாரும் கொடுப்பதில்லை. இருபது ஆண்டு கழித்துத்தான் பணம் தீர்கிறது. நம் குடும்பங்களில் மனைவி பெரும்பாலும் வயதில் இளையவர், பெண்கள் சராசரியாக அதிக நாள் வாழ்கிறார்கள். ஆகவே கணவர் போட்ட தவறான கணக்கின் பற்றாக்குறையைப் பெரும்பாலும் கொடுப்பவர், கணவரை இழந்தபின் தனியாக வாழும், எண்பதை நெருங்கிய ஒரு பெண். அந்தக் கணக்கை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்தத் தாளை இருவரும் சேர்ந்து எழுதுங்கள். எந்தப் பணம் எந்தப் பெயரில், எந்த வங்கியில், எந்தத் திட்டத்தில் இருக்கிறது, வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை அதே தாளில் குறியுங்கள். அந்த ஏப்ரல் வகுத்தலை ஓராண்டு கணவர் செய்தால் மறு ஆண்டு மனைவி செய்யட்டும். கணக்கின் முடிவை அதிக நாள் சுமக்கப்போகிறவர், அதைப் போடும்போதே உடனிருக்க வேண்டும்.